மணிக்கணக்கு பிந்தி வரும் கிளைகள்: என்ன செய்வது?

கேள்வி: பாளையங்கோட்டையில் தலைமை அலுவலகம் உள்ள ஓர் ஓட்டல் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு ஏழு கிளைகள். ஒவ்வொரு கிளையின் பில்லிங் கம்ப்யூட்டரும் மணிக்கு ஒரு தடவை, அந்த மணி நேர விற்பனையை எங்களுக்கு அனுப்பும். அது வந்து சேரும் நேரத்தை வைத்து எங்கள் ஷீட்டில் முந்தின மணிக்கான கட்டத்தில் ஏறும். குற்றாலமும் வள்ளியூரும் அடிக்கடி பிந்துகின்றன. போன ஞாயிறு குற்றாலத்தில் இரவு 7 மணி சுமாருக்கு நெட் போய் 9.50-க்குத்தான் வந்தது. அன்று ஷீட்டில் 6–7 மணிக்கு 14,200, 7–8-க்கு 0, 8–9-க்கு 54,100, 9–10-க்கு 16,900 என்று இருந்தது. கிளையின் நாள் முடிவுக் கணக்கைவிட எங்கள் கணக்கில் 14,200 ரூபாய் கூடுதல். எல்லாக் கிளையும் வந்த பிறகுதான் ரிப்போர்ட் கொடுப்பது என்று வைத்துவிடலாமா? பிந்துகிற மேனேஜருக்கு அபராதம் போடலாம் என்கிறார் அண்ணாச்சி. அது சரிவருமா?

— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அபராதத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 14,200 ரூபாயைப் பார்த்துவிடுவோம். உங்கள் கோளாறு முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கூடுதலாக வந்த தொகை ஏதோ ஒரு மணியின் மொத்தத்துக்கு அப்படியே சமமாக இருந்தால், அந்த மணி இரண்டு முறை ஏறியிருக்கிறது என்று பொருள். குற்றாலத்தின் 6–7 மணி விற்பனையும் 14,200தான். என்ன நடந்திருக்கும் என்றால், 7 மணி தாண்டியதும் கிளை கம்ப்யூட்டர் 14,200-ஐ அனுப்பியது. அது உங்களிடம் வந்து ஏறியும் விட்டது. ஆனால் ‘வந்துவிட்டது’ என்று உங்கள் பக்கத்திலிருந்து திரும்பிப் போக வேண்டிய பதில் போவதற்குள் நெட் போய்விட்டது. கிளை கம்ப்யூட்டருக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆகவே அனுப்பியது போய்ச் சேரவில்லை என்று எடுத்துக்கொண்டு அதை நிலுவையில் வைத்துக்கொண்டது. 9.50-க்கு நெட் வந்ததும், நிலுவையில் இருந்த மூன்று மணிகளையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டது: 6–7 மறுபடியும், 7–8, 8–9. மூன்றும் 9 மணிக்குமேல் வந்ததால் மூன்றையும் உங்கள் ஷீட் 8–9 என்ற கட்டத்தில் சேர்த்துவிட்டது.

54,100-லிருந்து 14,200-ஐக் கழித்தால் 39,900. இது 7–8, 8–9 இரண்டு மணிகளின் விற்பனை. கிளையில் அன்றைய பில் பட்டியலை நேரவாரியாக எடுத்துப் பார்த்தால் எந்த மணிக்கு எவ்வளவு என்று பிரித்துவிடலாம். 18,600, 21,300 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் அன்றைய உண்மையான வரிசை 14,200, 18,600, 21,300, 16,900, கூட்டினால் 71,000. உங்கள் ஷீட்டில் அந்த நான்கு கட்டங்களும் சேர்ந்து 85,200. வித்தியாசம் 14,200.

இதில் கிளை கம்ப்யூட்டர் செய்தது தப்பு இல்லை. பதில் வராதபோது திரும்ப அனுப்புவதுதான் சரி. அனுப்பாமல் விட்டால் கணக்கு ஒரேயடியாகத் தொலையும். சந்தேகம் இருந்தால் திரும்ப அனுப்பு, எத்தனை தடவை வந்தாலும் பெறுகிற இடத்தில் ஒரே தடவைதான் நிற்க வேண்டும் என்பதுதான் இந்த வேலைக்கான ஏற்பாடு. உங்கள் ஷீட்டில் இரண்டாவது பாதி இல்லை. வந்ததையெல்லாம் அது கூட்டிக்கொண்டே போகிறது. தவிர, எந்த மணி என்பதை வந்த நேரத்தை வைத்து முடிவு செய்கிறது.

இரட்டிப்பைவிட இந்தக் கட்டம் மாறுவது எனக்குப் பெரிய தொல்லையாகப் படுகிறது. இரட்டிப்பு நாள் முடிவில் எப்படியும் மாட்டிக்கொள்ளும். கட்டம் மாறினால் மாட்டாது. மொத்தம் சரியாகவே இருக்கும். ஆனால் 7–8-க்கு 0, 8–9-க்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் என்று பார்க்கிற அண்ணாச்சி என்ன முடிவெடுப்பார்? எட்டு மணிக்குக் குற்றாலத்தில் கூட்டம் அள்ளுகிறது, ஏழு மணிக்குப் பரோட்டா மாஸ்டர் சும்மா நிற்கிறார் என்றுதான் நினைப்பார். அடுத்த ஞாயிறு மாஸ்டரை ஒரு மணி நேரம் தள்ளி வரச் சொல்வார். பாளையங்கோட்டை சென்ட்ரல் கிச்சனிலிருந்து குற்றாலத்துக்கு மாவும் சால்னாவும் போகும் வண்டியையும் பிந்தி அனுப்பச் சொல்வார். சீசன் ஞாயிறு இரவில் ஏழரை மணிக்கு மாவு இல்லாமல் கிளை நின்றால், தலைமை அலுவலகத்திலிருந்து சரக்கு போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.

ஆக, முதல் மாற்றம் இதுதான்: எந்த மணி என்பதைப் பில் போட்ட நேரம் தீர்மானிக்க வேண்டும்; கணக்கு வந்து சேர்ந்த நேரம் அல்ல. 7.42-க்குப் போட்ட பில் இரவு பத்து மணிக்கு உங்களிடம் வந்தாலும் சரி, மறுநாள் காலையில் வந்தாலும் சரி, அது 7–8 கட்டத்துக்குத்தான் போக வேண்டும். இதைக் கிளையின் பில்லிங் சாஃப்ட்வேரே பிரித்து, ‘இது இன்ன தேதியின் இன்ன மணி’ என்று எழுதி அனுப்ப வேண்டும். வந்து சேர்ந்த நேரத்தையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைப் பக்கத்தில் தனிக் கட்டத்தில் வையுங்கள்; கிளை ஏன் பிந்துகிறது என்று கண்டுபிடிக்க அது வேண்டும்.

இரண்டாவது மாற்றம், கூட்டுவதை விட்டுவிட்டு மாற்றி எழுதுவது. கிளை, வியாபாரத் தேதி, மணி இந்த மூன்றும் சேர்ந்து ஒரு வரி. அந்த வரி ஏற்கெனவே இருந்தால் பழைய தொகையை எடுத்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். அப்படிச் செய்தால் 14,200 பத்து தடவை வந்தாலும் 14,200தான். ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. முதலில் அனுப்பியது வழியில் தங்கி, பின்னால் அனுப்பியதற்கு அப்புறம் வந்து சேர்ந்தால், பழைய தொகை புதியதை அழித்துவிடும். அதற்காக ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் கிளை ஒரு வரிசை எண் போட வேண்டும்: 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகிற எண். பெரிய எண் வந்தால் எழுது, சின்ன எண் வந்தால் விட்டுவிடு. இதற்குக் கடிகார நேரத்தைப் பயன்படுத்த வேண்டாம்; கிளை கம்ப்யூட்டர்களின் கடிகாரத்தை நம்ப முடியாது, காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் ஆளிடம் காட்ட வசதியாக, அந்த வேலையைச் செய்யும் வரியைத் தருகிறேன். `PostgreSQL`, `SQLite` இரண்டிலும் இது ஓடும்; கேள்விக்குறி உள்ள இடங்களை எழுதுகிற விதம் மட்டும் டிரைவரைப் பொறுத்து மாறலாம். டேபிளில் `outlet`, `biz_date`, `hour_no` மூன்றும் சேர்ந்து முதன்மைச் சாவியாக இருக்க வேண்டும்.

```sql
INSERT INTO hourly_sales
  (outlet, biz_date, hour_no, amount, bills, rev, made_at, received_at)
VALUES (?, ?, ?, ?, ?, ?, ?, CURRENT_TIMESTAMP)
ON CONFLICT (outlet, biz_date, hour_no) DO UPDATE SET
  amount = excluded.amount,
  bills = excluded.bills,
  rev = excluded.rev,
  made_at = excluded.made_at,
  received_at = excluded.received_at
WHERE excluded.rev > hourly_sales.rev;
```

`rev` என்பதுதான் அந்த வரிசை எண். `made_at` கிளையில் கணக்கு தயாரான நேரம், `received_at` உங்களிடம் வந்த நேரம். `SQLite`-ல் `CURRENT_TIMESTAMP` நம் ஊர் நேரத்தை எழுதாது, UTC நேரத்தைத்தான் எழுதும்; ஆகவே `made_at`-ஐயும் UTC-யிலேயே அனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது ஒரு படி மேலே போவோம். கிளை ஒவ்வொரு மணியும் அந்த ஒரு மணியை மட்டும் அனுப்புவதற்குப் பதிலாக, அன்று காலை முதல் அதுவரை முடிந்த எல்லா மணிகளையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். இரவு 10 மணிக்குப் போகிற கணக்கில் காலை டிபன் நேரமும் இருக்கும். மிஞ்சிப்போனால் இருபத்து நான்கு வரிகள். ஒரு சாதாரண வாட்ஸப் படத்தின் எடைகூட இருக்காது. இதனால் கிடைக்கிற நிம்மதி பெரியது. போன ஞாயிறு மாதிரி நெட் போய் வந்தால், நிலுவையில் எது போனது, எது போகவில்லை என்று கிளை கம்ப்யூட்டர் யோசிக்கவே வேண்டாம். நெட் வந்தபிறகு போகிற முதல் கணக்கிலேயே எல்லாம் நேராகிவிடும். நடுவில் இரண்டு தடவை அனுப்பியது தொலைந்திருந்தாலும் கவலையில்லை.

இதில் இன்னொரு பலனும் உண்டு. 12.50-க்குப் போட்ட ஒரு மீல்ஸ் பில்லை 1.20-க்கு ரத்து செய்கிறார்கள் என்று வையுங்கள். 12–1 மணிக் கணக்கு அதற்குள் உங்களிடம் வந்துவிட்டது. ஒரு மணியை மட்டும் அனுப்புகிற முறையில் இந்த ரத்து உங்களுக்குத் தெரியவே தெரியாது. நாள் முடிவில் சில நூறு ரூபாய் உதைக்கும், ஏன் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். முழு நாளையும் திரும்ப அனுப்பினால் இரண்டு மணிக்கு வருகிற கணக்கில் 12–1 கட்டம் தானாகவே குறைந்துவிடும். ரத்தான பில் எந்த மணியில் போடப்பட்டதோ அந்த மணியில்தான் கழிய வேண்டும் என்பதை மட்டும் ஏழு கிளைக்கும் ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல அனுப்புகிற தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதும் ஏழு கிளையிலும் ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்து அந்த 0. உங்கள் ஷீட்டில் நான் உடனே மாற்றச் சொல்வது இதைத்தான், ஏனென்றால் இதற்கு சாஃப்ட்வேர் ஆள்கூட வேண்டாம். வள்ளியூர் கிளையில் மத்தியானம் மூன்றிலிருந்து நான்குவரை ஒரு பில்கூட ஓடாமல் இருக்கலாம். அது 0. குற்றாலத்தில் நெட் இல்லாமல் கணக்கு வரவில்லை. அது 0 இல்லை, தெரியாது. இரண்டுக்கும் ஒரே அடையாளம் வைத்தால் போன் போட்டுச் சத்தம் போடுவதைத் தவிர அண்ணாச்சிக்கு வேறு வழி கிடையாது. ஆகவே விற்பனை இல்லாத மணிக்கும் கிளை 0 என்று எழுதி அனுப்ப வேண்டும். நீங்கள் கட்டங்களை முன்கூட்டியே 0 போட்டு நிரப்பி வைக்கக் கூடாது. வரும்வரை கட்டம் காலியாக இருக்கட்டும், திரையில் ‘வரவில்லை’ என்று தெரியட்டும்.

காலியாக விடுவதில் ஒரு கணக்கு நுணுக்கமும் இருக்கிறது. எக்செல்லில் `SUM` போட்டால் காலிக் கட்டத்துக்கும் 0-க்கும் வித்தியாசம் தெரியாது. `AVERAGE` போட்டால் தெரியும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணிக்கு 9,000, 11,000, 10,000 என்று மூன்று வாரம் வந்து, ஒரு வாரம் கணக்கு வராமல் 0 விழுந்துவிட்டது என்றால் சராசரி 7,500. அதே கட்டம் காலியாக இருந்தால் 10,000. அந்த 7,500-ஐ நம்பி மாவு அரைக்கச் சொன்னால் கால்வாசி மாவு குறையும்.

சரி, எல்லாக் கிளையும் வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். போன ஞாயிறு அப்படிக் காத்திருந்திருந்தால் மற்ற ஆறு கிளைகளின் 7–8 மணிக் கணக்கும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் முடங்கியிருக்கும். மணிக்கணக்கின் உபயோகமே அந்த மணியிலேயே ஏதாவது செய்ய முடிவதுதான். அதற்காக மணி அடித்தவுடனே வந்ததை வைத்துக் கொடுத்தாலும் தினமும் பாதிக் கிளை ‘வரவில்லை’ என்று நிற்கும். இடையில் ஒரு கெடு வேண்டும். அந்தக் கெடுவை மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்யாமல், கிளைகள் உண்மையில் எவ்வளவு பிந்துகின்றன என்று இரண்டு வாரம் அளந்து பாருங்கள்.

அளப்பது சுலபம். மணி முடிந்ததிலிருந்து அதன் கணக்கு முதல் தடவை வந்து சேர எத்தனை நிமிடம் ஆனது என்பதைக் கிளைவாரியாகத் தனியே குறித்துக்கொண்டே வாருங்கள்; முழு நாளும் திரும்பத் திரும்ப வருவதால் டேபிளில் உள்ள `made_at`, `received_at` இரண்டும் ஒவ்வொரு தடவையும் மாறிவிடும். ஒரு கிளை தினமும் பதினேழு மணி நேரம் திறந்திருந்தால் பதினான்கு நாளில் 238 கணக்குகள். அவற்றைத் தாமதம் குறைந்ததிலிருந்து கூடியதுவரை அடுக்கி, 226-ஆவது எத்தனை நிமிடம் என்று பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கணக்குகள் அந்த நேரத்துக்குள் வந்துவிடுகின்றன என்று அர்த்தம். ஏழு கிளைக்கும் இப்படிப் பார்த்து, பெரும்பாலான கிளைகள் 12 நிமிடத்துக்குள் வந்துவிடுவதாகத் தெரிந்தால், மணி முடிந்து 15 நிமிடத்தில் ரிப்போர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கிளை மட்டும் 40 நிமிடம் காட்டினால் கெடுவை 40-க்குத் தள்ளாதீர்கள். அந்தக் கிளையின் கோளாறைத் தனியாகப் பாருங்கள். இங்கே சராசரித் தாமதத்தையும் பார்க்காதீர்கள். மூன்று மணி நேரம் நெட் போன ஒரே ஒரு ராத்திரி சராசரியை ஏற்றிவிடும், மற்ற நாட்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

15 நிமிடத்தில் போகிற ரிப்போர்ட்டின் தலையிலேயே ‘7-ல் 6 கிளை, குற்றாலம் வரவில்லை’ என்று இருக்க வேண்டும். அப்புறம் பிந்தி வந்தது ஏறும்போது அந்தக் கட்டத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடுங்கள். முதலில் பார்த்த தொகை மாறியிருக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். சத்தமில்லாமல் தொகை மாறினால் இரண்டு நாளில் யாரும் உங்கள் ரிப்போர்ட்டை நம்ப மாட்டார்கள்.

ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். 7–8 மணிக்கு வந்த ஆறு கிளைகளின் மொத்தம் 1,32,000, போன வாரம் ஏழு கிளைக்கும் சேர்த்து 1,50,000 என்றால் வியாபாரம் விழுந்துவிட்டது போலத் தெரியும். போன வார மொத்தத்தில் குற்றாலத்தின் பங்கு 24,000 என்றால், மற்ற ஆறு கிளைகள் அன்று செய்தது 1,26,000. இந்த வாரம் அதே ஆறு கிளைகள் 6,000 கூடுதலாகவே செய்திருக்கின்றன. ஆகவே வந்த கிளைகளை அதே கிளைகளின் பழைய கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். சிலர் வராத கிளைக்குப் போன வாரத் தொகையை உத்தேசமாகப் போட்டு மொத்தத்தை நிரப்புவார்கள். வள்ளியூருக்கு அது ஓரளவு ஒத்துவரும். குற்றாலத்துக்கு ஒத்துவராது. சாரல் அடித்தால் ஒரு கூட்டம், அடிக்காவிட்டால் ஒரு கூட்டம். அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டுவிட்டால் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அப்படி உத்தேசம் போட்டே ஆக வேண்டும் என்றால் அது தனிக் கட்டத்தில் இருக்கட்டும். கணக்கு டேபிளுக்குள் போகவே கூடாது.

கெடு தாண்டி இன்னும் பதினைந்து நிமிடம் கணக்கு வராவிட்டால் கிளைக்குப் போன் போடலாம். கல்லாவில் இருப்பவர் பில்லிங்கில் எக்ஸ் ரிப்போர்ட் எடுத்து அதைப் போட்டோவாக அனுப்பட்டும். எக்ஸ் ரிப்போர்ட் அதுவரை நடந்ததை மட்டும் காட்டும்; இசட் ரிப்போர்ட் அன்றைய நாளையே மூடிவிடும். அவசரத்தில் இரவு எட்டரை மணிக்கு இசட்டை அழுத்திவிட்டால் ஒரு நாள் இரண்டு நாளாக உடைந்துவிடும், ஆகவே இதைக் கல்லாவில் இருப்பவருக்கு நன்றாகச் சொல்லி வையுங்கள். எக்ஸ் ரிப்போர்ட்டின் தொகை காலை முதலான மொத்தம் என்பதால், ஏற்கெனவே வந்த மணிகளைக் கழித்துத்தான் பாக்கி மணிகளை எழுத வேண்டும். கையால் ஏற்றுகிற இந்தத் தொகைக்கு `rev` 0 என்று போடுங்கள். பின்னால் மெஷினிலிருந்து வருவது எதுவானாலும் அதன் எண் பெரிதாகத்தான் இருக்கும். கையால் ஏற்றிய கணக்கை அதுவே மாற்றிவிடும்.

இப்போது ஏன் பிந்துகிறது என்பது. மணி முடிந்த நேரம், அந்த மணியின் கணக்கு கிளையில் முதலில் தயாரான நேரம், உங்களிடம் முதலில் வந்த நேரம் மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் கோளாறு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் நேரம் போகிறது என்றால் கிளை கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு: யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள், மெஷின் தொங்கி நிற்கிறது, அல்லது அனுப்புகிற புரோகிராம் ஓடவில்லை. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் என்றால் நெட்தான்.

நெட் என்று தெரிந்தால் கம்பெனிக்காரரைத் திட்டுவதற்கு முன் மோடத்தின் பிளக் எங்கே போகிறது என்று பாருங்கள். பல ஓட்டல்களில் பில்லிங் கம்ப்யூட்டரும் பிரின்டரும் யுபிஎஸ்ஸில் இருக்கும். மோடம் மட்டும் சுவரில் உள்ள சாதாரண பிளக்கில் இருக்கும். கரன்ட் போனால் பில் தடையில்லாமல் ஓடும், கணக்கு மட்டும் போகாது. கிளையில் இருப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது, ஆகவே யாரும் சொல்லவும் மாட்டார்கள். மோடத்தையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றுவது பத்து நிமிட வேலை. குற்றாலம் மாதிரிக் கூட்டம் சேர்கிற இடத்தில் மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருக்காதீர்கள். சீசன் ஞாயிறு மாலையில் டவரில் நெரிசல் இருக்கும். உங்களுக்குக் கணக்கு மிகவும் வேண்டியதும் அந்த நேரத்தில்தான். கேபிள் வழி நெட்டை முதலிலும், வேறு கம்பெனி சிம் ஒன்றை அது போனால் எடுத்துக்கொள்ளும்படியும் வையுங்கள்.

இனி அந்தக் கடிகாரம். ஒரு கிளையின் கணக்கு தயாராகும் முன்பே உங்களிடம் வந்துவிட்டதாகக் காட்டினால், அந்தக் கம்ப்யூட்டரின் கடிகாரம் முந்தி ஓடுகிறது. எப்போது பார்த்தாலும் ஒரே மாதிரி, சொல்லிவைத்தது போலப் பதினேழு நிமிடத் தாமதம் என்றால் கடிகாரம் பிந்தி ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள். நெட் கோளாறு ஒரே அளவில் வராது. கடிகாரம் தப்பாக இருந்தால் பில்களே தப்பான மணிக்குப் போய்விடும், மேலே சொன்ன ஏற்பாடெல்லாம் வீண். விண்டோஸ் மெஷின் என்றால் அட்மினாக கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைப் போட்டுப் பாருங்கள்:

```
w32tm /query /status
w32tm /resync
```

முதல் வரியின் விடையில் `Source` என்ற இடத்தில் `Local CMOS Clock` என்று வந்தால், அந்த மெஷின் வெளியில் எங்கும் நேரம் கேட்டுச் சரிசெய்துகொள்ளவில்லை. இரண்டாவது வரி உடனே சரிசெய்துகொள்ளச் சொல்வது. ஒவ்வொரு தடவை மெஷினை அணைத்துப் போடும்போதும் தேதியே பழையதாகப் போய்விடுகிறது என்றால் மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் CR2032 என்று அதன்மேல் போட்டிருக்கும். அதை வாங்கி மாற்றுங்கள்.

அபராதத்துக்கு வருகிறேன். பிந்தினால் பணம் பிடிப்போம் என்றால் மேனேஜர்கள் பிந்தாமல் இருக்க வழி கண்டுபிடிப்பார்கள், ஆனால் அது உங்களுக்கு வேண்டிய வழியாக இருக்காது. தானாகப் போகாத நேரத்தில் கையால் அனுப்புகிற வசதி இருந்தால் 7.55-க்கே அனுப்பிவிடுவார்கள். கடைசி ஐந்து நிமிட பில்கள் அந்தக் கணக்கில் இருக்காது. அல்லது நெட் இல்லாதபோது மனதில் தோன்றிய ஒரு தொகையைப் போனில் சொல்வார்கள். இது நடக்கிறதா என்று பார்க்க இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, மணி முடிவதற்கு முன்பே தயாரானதாகக் காட்டுகிற கணக்குகள். மற்றது, 15,000, 18,000 என்று முழுத் தொகையாகவே வந்து, பின்னால் மெஷின் கணக்கு வரும்போது மாறுகிற கட்டங்கள். பிந்தி வந்த சரியான கணக்கை நீங்கள் எப்படியும் சமாளித்துவிடலாம். நேரத்துக்கு வந்த பொய்க் கணக்கை ஒன்றும் செய்ய முடியாது. கிளைவாரியான தாமதப் பட்டியலை அண்ணாச்சியிடம் காட்டி, குற்றாலத்தின் தாமதம் முழுக்க நெட்டில் இருக்கிறது என்று எண்ணோடு சொல்லுங்கள். மேனேஜரின் சம்பளத்தில் பிடிப்பதற்குப் பதிலாக ஒரு யுபிஎஸ் வாங்கித் தருவார் என்றே நினைக்கிறேன். கம்ப்யூட்டரை அணைத்து வைப்பதுதான் காரணம் என்று தெரிந்தால் மட்டும் மேனேஜரிடம் பேசுங்கள்.

கடைசியாக, எதுவரை பிந்தி வருவதை ஏற்பது என்று ஒரு எல்லை வேண்டும். ராத்திரி ஒரு மணிவரை பரோட்டாக் கல் எரிகிற கிளைக்கு நள்ளிரவில் தேதியை மாற்றினால் ஒரே ராத்திரி வியாபாரம் இரண்டு நாளில் போய் விழும். வியாபாரத் தேதி காலை நான்கு மணிக்கு மாறுவதாக வைத்து, நள்ளிரவுக்குப் பிந்திய மணிகளை முந்தின தேதியின் 24, 25 என்று எண்ணிக்கொள்ளுங்கள். நாளை மூடிய பிறகு கிளை ஒருமுறை முழு நாள் கணக்கையும் இசட் மொத்தத்தையும் சேர்த்து அனுப்பட்டும். மணிகளின் கூட்டலும் இசட்டும் ஒரு ரூபாய் பிசகாமல் பொருந்தினால் அந்த நாளைப் பூட்டிவிடுங்கள். பொருந்தாவிட்டால், காலை பத்து மணிக்குள் கிளையிடம் பில் பட்டியலைக் கேட்டுச் சரிசெய்துவிட்டுப் பூட்டுங்கள். பூட்டிய பிறகு மெஷினிலிருந்து வருகிற எதையும் டேபிள் ஏற்கக் கூடாது. அதற்குமேல் திருத்தம் வந்தால் அது தனி வரியாக, யார் சொல்லி, என்ன காரணத்துக்காக என்ற குறிப்போடு ஏறட்டும். போன ஞாயிறு குற்றாலத்தின் அந்த 14,200-ஐயும் இப்படித் தனி வரியாகக் கழியுங்கள். பழைய கட்டத்தை அழித்து எழுத வேண்டாம்.